களிமண் மேல் கால்பந்து மைதானம்: ஜல்லி அடுக்கு வேண்டுமா, மணல் மட்டும் போதுமா?

தென்சென்னைப் பக்கம் சதுப்பை ஒட்டிய தட்டையான நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரை அடி தோண்டினாலே கரும் களிமண். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி பிறந்ததும் நான்கு நாள் தண்ணீர் நிற்கும். இங்கே ஒரு கல்லூரி 105-க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் போட நினைக்கிறது; ஓரத்தில் மும்மூன்று மீட்டர் சேர்த்தால் மொத்தம் சுமார் 8,200 சதுர மீட்டர். விலை கேட்டால் நான்கு விதமான பதில் வரும். களிமண்ணையே நடுவில் மேடாக்கிப் புல் நட்டுவிடலாம் என்பார் ஒருவர். மணலைக் கொட்டி உழுது கலந்துவிடலாம் என்பார் இன்னொருவர். களிமண்ணுக்கு மேல் தனியாக மணல் அடுக்கு, அடியில் குழாய் என்பது மூன்றாவது. நான்காவது ஆள் கோல்ஃப் மைதானக் கணக்கில் மணலுக்கு அடியில் முழுக்க ஜல்லி பரப்பவேண்டும் என்பார். விலை இதே வரிசையில் ஏறும், இரண்டாவதைத் தவிர. அது பார்க்க மலிவு. ஆனால் நான்கிலும் மோசமானது அதுதான். முதலில் அதை ஒதுக்கிவிடலாம்.

களிமண்ணில் மணல் கலந்தால் இளகும் என்பது எல்லோரும் நம்புகிற விஷயம், அதனால் கணக்குப் போட்டே பார்ப்போம். நம் மண்ணில் வண்டலும் களியும் சேர்ந்து 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் 150 மி.மீ. மண்ணில் 50 மி.மீ. மணலைக் கொட்டி உழுதால் நுண்துகள் 45 சதவீதத்துக்கு இறங்கும், அவ்வளவுதான். அந்த நிலையில் மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, களிக்குள் பதிந்து கிடக்கும். தண்ணீர் இறங்கும் பெரிய துளைகள் உண்டாக வேண்டுமானால் மணலோடு மணல் உரசி நிற்கவேண்டும், இடையில் இருக்கும் களி அந்த இடைவெளியை அடைக்காத அளவுக்குக் குறைவாக இருக்கவேண்டும். அதற்கு நுண்துகள் 15 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். 200 மி.மீ. ஆழத்துக்கு அப்படி ஒரு கலவை செய்ய ஏறக்குறைய 155 மி.மீ. மணலும் 45 மி.மீ. களிமண்ணும் தேவைப்படும். அத்தனை மணல் வாங்குகிறவர் அதைக் கலந்து கெடுப்பானேன்? கலக்காமல் மேலே பரப்பினால் அதுவே மூன்றாவது வழி. அரைகுறையாகக் கலந்த மண் மழையில் சேறாகவும் வெயிலில் செங்கல்லாகவும் இருக்கும், அதைத் திருத்த அடுத்த முறை முழுவதையும் அள்ளித்தான் போடவேண்டும்.

முதல் வழியான களிமண் மேடு அவ்வளவு மோசமில்லை. களியில் நீர் இறங்கும் வேகம் மணிக்கு ஓரிரண்டு மில்லிமீட்டர்தான், ஆகவே மழை உள்ளே போகும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு மேல்வழியாக ஓடவிடுகிறோம். நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்கு 37 மீட்டர், அதில் 1.5 சதவீதச் சரிவு என்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட 55 செ.மீ. உயர்ந்து நிற்கும். விளையாடுகிறவர்களுக்கு அது தெரியும், ஆனால் பழகிவிடுவார்கள். மழை நின்ற பிறகு மண் மிதிக்கும் பதத்துக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் ஆட்டம் நடத்தினால் கோல் முன்னால் இருக்கும் புல் அந்த ஒரு நாளிலேயே போய்விடும், ஈரக் களி காலடியில் இறுகி அடுத்த மழைக்கு இன்னும் மெதுவாகத் தண்ணீர் குடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மைதானத்தைப் பூட்டி வைக்க மனமிருந்தால், கோடைத் தண்ணீருக்கு வழியில்லை என்றால், இதையே தேர்ந்தெடுங்கள். களி தண்ணீரைப் பிடித்து வைப்பதால் அருகம்புல் மே மாதத்தைத் தாங்கிவிடும். மணல் மைதானத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

உண்மையான போட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்தான்.

அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960-இல் முதன்முதலாக வெளியிட்டுப் பிறகு பலமுறை திருத்திய பரிந்துரைதான் நான்காவது வழிக்கு மூலம். 300 மி.மீ. மணல் கலவை, அதன் கீழ் 100 மி.மீ. சிறு ஜல்லி, அதற்கும் கீழே தரையில் வெட்டிய வாய்க்காலில் 100 மி.மீ. துளைக்குழாய், சுமார் 5 மீட்டருக்கு ஒன்று. ஜல்லி எதற்கு என்று கேட்டால் பெரும்பாலோர் தண்ணீர் சீக்கிரம் வடிய என்பார்கள். அது பாதி சரி. மணலில் இறங்கி வரும் தண்ணீர் ஜல்லியின் விளிம்பை அடைந்ததும் நின்றுவிடும். மணலின் சிறு துளைகள் அதை இழுத்துப் பிடித்திருக்கும், ஜல்லியின் பெரிய இடைவெளிக்கு அந்த இழுவை இல்லை. மணலின் அடிப்பகுதி முழுக்க நனைந்து நிறைந்த பிறகுதான் மேற்கொண்டு வரும் தண்ணீர் ஜல்லிக்குள் சொட்டும். கொடியில் காயப்போட்ட வேட்டியின் மேல்பகுதி உலர்ந்த பிறகும் கீழ்க்கரை ஈரமாகவே இருக்கிறதே, அதே சங்கதி. இந்த அடி ஈரம் குறையல்ல, கோடையில் வேருக்கு அதுதான் சேமிப்பு. ஆனால் இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது: செலவைக் குறைக்க மணல் அடுக்கை 300-லிருந்து 150 மி.மீ. ஆக்கினால் ஈரப்பட்டை மேலே வந்துவிடும், மைதானம் சொதசொதவென்று கிடக்கும். ஜல்லி கீழே இருக்கிறதே என்று எத்தனை குழாய் போட்டாலும் அந்த ஈரம் இறங்காது.

எத்தனை ஆழம் வேண்டும் என்பதை மணலே சொல்லும். நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் அரை மீட்டர் நீளம் வெட்டி, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்து டேப் சுற்றுங்கள். அடியில் துணி கட்டி, வாங்கப்போகும் மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, முழுக்க நனையவிட்டு, மேலே மூடி, ஜல்லி மேல் ஒரு நாள் நிறுத்திவையுங்கள். பிரித்துப் பார்த்தால் கீழிருந்து கருமையாக ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டைக்கு மேலே குறைந்தது 150 மி.மீ. காற்றோட்டமுள்ள மணல் இருக்கும்படி மொத்த ஆழத்தை வைத்துக்கொள்ளுங்கள். பருமணலில் பட்டை குறுகலாக இருக்கும், 200 மி.மீ. ஆழமே போதும். நைஸ் மணலானால் 300 கூடப் போதாமல் போகலாம்.

இப்போது மூன்றாவது வழி. ஜல்லி அடுக்கு கிடையாது. களிமண் தரையை மேடாக வடிவமைத்து, அதில் வாய்க்கால் வெட்டிக் குழாயும் சிறு ஜல்லியும் இட்டு, மேலே 250 மி.மீ. மணல். ஜல்லி அடுக்கு இருந்தால் தண்ணீர் 300 மி.மீ. செங்குத்தாக இறங்கினால் போதும், அப்புறம் ஜல்லிக்குள் தாராளமாக ஓடிக் குழாயை அடையும். ஜல்லி இல்லை என்றால் களியில் முட்டிய தண்ணீர் மணலுக்குள்ளேயே பக்கவாட்டில் ஊர்ந்து அடுத்த குழாய்வரை போகவேண்டும். இரண்டு வழிக்கும் நடுவிலுள்ள முழு வித்தியாசமும் இந்த ஊர்தல்தான். அதை எளிய கணக்கில் போடலாம்:

```
q = 4 × K × h² / S²
```

இதில் q என்பது குழாய்கள் வெளியேற்றும் வேகம், K மணலுக்குள் தண்ணீர் நகரும் வேகம், h இரண்டு குழாய்களுக்கு நடுவில் நிற்கும் நீரின் உயரம், S குழாய்களுக்கு இடையிலான தூரம். மணலின் K மணிக்கு 300 மி.மீ., மணல் மேல்மட்டம்வரை நிறைந்து h 250 மி.மீ. என்று வையுங்கள். குழாய்கள் 10 மீட்டருக்கு ஒன்றாக இருந்தால் நாள் முழுக்க வெளியேறுவது 18 மி.மீ. மழைதான். 5 மீட்டருக்கு ஒன்று என்றால் 72 மி.மீ., 3 மீட்டர் என்றால் 200. தூரத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு வடிகிறது, ஆகவே குழாய்க் கூலியில் மிச்சம் பிடிக்க நினைத்து ஒன்றுவிட்டு ஒன்று போடுகிறவர் மைதானத்தின் வடிகாலில் முக்கால் பங்கை வெட்டி எறிகிறார். ஆய்வுக்கூடத்தில் மணல் மணிக்கு 300 மி.மீ. என்று சீட்டு வந்ததும் எவ்வளவு மழை பெய்தாலும் தாங்கும் என்று நினைப்பதும் இதே இடத்தில்தான் தவறுகிறது. அந்த எண் செங்குத்தாக இறங்கும் வேகம். மணிக்கு 300 இறங்கும் மணலில் பக்கவாட்டு வடிகால் மணிக்கு வெறும் 3 மி.மீ. ஆக இருக்கலாம்.

அப்படியானால் ஜல்லிதானே நல்லது? மழை எப்படிப் பெய்கிறது என்று பார்க்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டினால், மணலில் முதலில் அது சேமிப்பாகும். சீட்டில் காற்றுத்துளை 20 சதவீதம் என்று இருக்கலாம், ஆனால் அது 30 செ.மீ. உயர இழுவையில் அளந்தது, அதாவது மேல்மட்டத்து மணலுக்குப் பொருந்துவது. அடி மணல் எப்போதும் நிறைந்தே இருப்பதால் முழு ஆழத்துக்கும் சராசரியாக 12 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது பத்திரம். 250 மி.மீ. மணலில் 30 மி.மீ. மழை அடங்கும். மீதி 30 மி.மீ. அந்த நேரத்தில் மேலே நிற்கும் அல்லது 0.75 சதவீதச் சரிவில் ஓரத்துக்கு வழியும். மழை விட்டபிறகு குழாய்கள் வேலை செய்கின்றன. நிறைந்திருக்கும்போது நாளைக்கு 72 மி.மீ. வேகம், நீர்மட்டம் பாதியாக இறங்கியதும் வேகம் கால் பங்காகி 18 மி.மீ., அதற்குள் மேல் 125 மி.மீ. வடிந்திருக்கும். காலையில் கொட்டிய மழைக்கு மறுநாள் மாலை தாராளமாக ஆடலாம். ஜல்லி அடுக்குள்ள மைதானத்தில் மழை விட்ட ஒரு மணியில் ஆடலாம். கல்லூரி மைதானத்துக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் எவ்வளவு பெறும் என்பதே கேள்வி. தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டும் ஆட்டம் என்றால் அது தங்கம். வாரம் மூன்று ஆட்டம் என்றால் இல்லை என்பது என் கணிப்பு.

அதிலும் ஜல்லியின் வேகம் நமக்குக் கிடைப்பது வெளியே போக்கு இருந்தால்தான். 60 மி.மீ. மழை ஒரே மணியில் இந்த மைதானத்தை விட்டு வெளியேறவேண்டும் என்றால் வினாடிக்கு 137 லிட்டர். இரண்டு ஓரமும் 200 மி.மீ. நெளிகுழாய் போட்டு 0.5 சதவீதச் சரிவு கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 38 லிட்டர்தான் எடுக்கும், மழைக் கணக்கில் மணிக்கு 17 மி.மீ. அந்த 0.5 சதவீதச் சரிவே 105 மீட்டர் நீளத்தில் அரை மீட்டரைத் தின்றுவிடும். மணல், ஜல்லி, வாய்க்கால் ஆழம் மூன்றும் சேர்ந்து 600 மி.மீ., அதோடு இந்த அரை மீட்டர். ஆக மைதானத்து ஓர மட்டத்திலிருந்து 1.1 மீட்டர் கீழே குழாய் வாய் திறக்கும். தெருவிலுள்ள மழைநீர் வடிகாலின் அடிமட்டம் அதைவிடக் கீழே இருக்கிறதா? இருந்தாலும் கார்த்திகையில் அந்த வடிகால் ததும்பி நிற்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? 2015 டிசம்பர் 1 அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 290 மி.மீ. பெய்தது. அன்று எந்த மண் அடுக்கும் எந்த மைதானத்தையும் காப்பாற்றியிருக்காது, தண்ணீர் பக்கத்திலிருந்து ஏறி வந்தது. அவ்வளவு பெரிய மழை வேண்டாம், சாதாரண நவம்பர் மழைக்கே தட்டை நிலத்தில் இந்தப் பிரச்சினை வரும். மணல் மட்டும் உள்ள மைதானத்துக்கு வெளியேற்றவேண்டியது மணிக்கு 3 மி.மீ., அதாவது வினாடிக்கு 7 லிட்டர். மேலே வழிந்தோடும் தண்ணீரைத் தனி வாய்க்காலில் திருப்பிவிட்டால், குழாய் நீருக்கு ஒரு தொட்டியும் சாதாரண மோட்டாரும் போதும். ஜல்லி மைதானத்து வேகத்துக்கு ஏற்ற மோட்டாரும் அதற்கு மின்சாரம் போனால் ஜெனரேட்டரும் என்று போனால் அது வேறு பட்ஜெட். ஆகவே லெவல் கருவி வைத்துப் போக்கு மட்டத்தை அளக்காமல் யாரும் ஜல்லிக்கு விலைப்புள்ளி தரக்கூடாது, தந்தால் வாங்கக்கூடாது.

சரி, பொருள் அளவு. 300 மி.மீ. மணல் என்றால் 2,460 கன மீட்டர், லாரிக் கணக்கில் சுமார் 870 யூனிட். ஜல்லி 820 கன மீட்டர், 290 யூனிட். மணல் மட்டும் 250 மி.மீ. என்றால் 725 யூனிட்டில் முடியும், ஜல்லி வாய்க்கால்களுக்கு மட்டும். இவை அமுங்கி நின்ற அளவு. வாங்கும்போது இன்னும் 15 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆழத்தைவிட, ஜல்லியைவிட, எந்த மணல் என்பதே மைதானத்தின் விதியைத் தீர்மானிக்கிறது. நல்ல மைதான மணலில் பெரும்பகுதி, 60 சதவீதத்துக்கு மேல், 0.25 முதல் 1 மி.மீ. வரையிலான துகளாக இருக்கவேண்டும். 0.15 மி.மீ.-க்குக் கீழுள்ள நைஸ் மணல், வண்டல், களி எல்லாம் சேர்ந்து 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. ஆற்று மணல் கிடைப்பது அரிது, கடற்கரை மணலில் உப்பு, அதை அள்ளச் சட்டமும் விடாது. மிச்சம் எம்-சாண்ட். எம்-சாண்ட் கான்கிரீட்டுக்காகச் செய்யப்படுவது. கான்கிரீட்டுக்கு நல்லது எது? பெரிது, நடுத்தரம், சிறிது, பொடி என்று எல்லா அளவும் கலந்து இடைவெளியே இல்லாமல் அடைபடுவது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர், ஏறக்குறைய ஒரே அளவுத் துகளாக இருந்து இடைவெளி விட்டு நிற்பது. கட்டுமான மணலுக்கான ஐ.எஸ். 383 தரம் உடைத்த கல்மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான பொடியை 15 சதவீதம்வரை அனுமதிக்கிறது. தரச்சான்று பெற்ற எம்-சாண்டையே அப்படியே கொட்டினாலும் மைதானம் அடைத்துக்கொள்ளும் என்று இதற்குப் பொருள். விற்கிறவரைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவர் பொருள் அவர் வேலைக்குச் சரியானது. குவாரியில் தண்ணீர் விட்டுக் கழுவிய மணலாகக் கேட்டு, 2 மி.மீ.-க்கு மேலுள்ளதைச் சலித்து எடுத்து, கழுவியும் போகாத பொடி எவ்வளவு என்று சல்லடைச் சோதனை செய்து வாங்கவேண்டும். 600, 300, 150, 75 மைக்ரான் சல்லடைகள் எந்த சிவில் துறை ஆய்வுக்கூடத்திலும் இருக்கும், அரை நாள் வேலை. நம் கதையில் வாங்குவதே கல்லூரி, அதன் மாணவர்களே செய்யலாம். முதல் லாரியில் மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். மழை பெய்த மறுநாள் கழுவாமல் ஏற்றிய ஒரு லாரியால் பெனால்டி பகுதியில் குளம் கட்டும்.

மறுபக்கம் மிகச் சுத்தமான, ஒரே அளவு மணலும் ஆபத்து. அது காலடியில் நழுவும், ஓடி நிற்கிறவன் காலோடு புல்லும் பெயர்ந்து வரும். கொஞ்சம் பிடிப்பு வேண்டும். அதற்குத்தான் நம்மூரில் செம்மண் சேர்ப்பார்கள், அதில் தப்பில்லை, அளவுதான் தப்பு. மணல், செம்மண், தொழு உரம் சம பங்கு என்ற வழக்கமான கலவை வீட்டுத் தோட்டத்துக்கு ஒத்துவரும், ஆட்கள் மிதிக்கும் மைதானத்துக்கு வராது. செம்மண்ணில் நுண்துகள் 35 சதவீதம், கழுவிய மணலில் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கு ஒன்று கலந்தால் 13 சதவீதம் வருகிறது, நம் எல்லையைத் தாண்டிவிட்டது. நான்குக்கு ஒன்று என்றால் 8.6. அதுவே நான் போகும் கடைசி எல்லை, அதுவும் மேல் 100 மி.மீ.-க்கு மட்டும் என்று தனி அடுக்காகப் போடாமல் முழு ஆழத்துக்கும் ஒரே கலவையாக, தரைக்கு வெளியே கலந்து கொண்டுவந்து பரப்பவேண்டும். தொழு உரத்தைக் கலவைக்குள் போடவேண்டாம். நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு கொஞ்சம் சேர்த்தால் ஈரம் பிடிக்கும்.

ஜல்லியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு. மணல் ஜல்லிக்குள் சரிந்து இறங்காமல் இருக்க, ஜல்லியில் சிறிய பக்கத்திலுள்ள 15 சதவீதத் துகள் அளவு, மணலின் பெரிய பக்கத்து 85 சதவீத அளவைப் போல் எட்டு மடங்குக்குள் இருக்கவேண்டும். நம் மணலில் 85 சதவீதம் 0.8 மி.மீ.-க்குக் கீழே என்றால் எல்லை 6.4 மி.மீ. கால் அங்குல ஜல்லியில் அந்தச் சிறிய அளவு 3.5 மி.மீ. அளவில் இருக்கும், பொருந்துகிறது. கட்டடத்துக்குப் போடும் முக்கால் ஜல்லியில் அது 12 மி.மீ. இருக்கும், மணல் உள்ளே போய்விடும், வருடம் போகப்போகத் தரை பள்ளம் விழும். அதைத் தடுக்கத் துணி விரித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவிலோ, குழாயைச் சுற்றியோ துணி போடவேண்டாம். பொடி வந்து அடைத்தால் தோண்டாமல் திறக்க வழியில்லை. சரியான ஜல்லி இருந்தால் துணிக்கே வேலையில்லை.

கோடைக்கு வருவோம், ஏனென்றால் மணலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மழையோடு நிறுத்திவிடுகிறார்கள். மே மாதத்தில் நாளொன்றுக்கு 5 மி.மீ. தண்ணீர் என்று வைத்தாலும் இந்த மைதானத்துக்கு 41,000 லிட்டர், பெரிய டேங்கர் லாரியில் மூன்று நான்கு. மணலில் புல் எடுத்துக்கொள்ளக்கூடிய சேமிப்பு குறைவு, இரண்டு மூன்று நாள் விட்டால் காய ஆரம்பிக்கும். உரமும் தங்காது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடவேண்டும். போர் தண்ணீர் உப்பு என்றால் மட்டும் இது மணலுக்குச் சாதகமாகத் திரும்புகிறது: உப்பை அவ்வப்போது மழையிலோ நல்ல தண்ணீரிலோ கழுவி இறக்கிவிடலாம், களியில் அது தங்கி மண்ணையே இறுக்கிவிடும். தினசரித் தண்ணீருக்கு உறுதி இல்லாத இடத்தில் மூன்றும் வேண்டாம் நான்கும் வேண்டாம், களிமண் மேடே மேல்.

என் முடிவு இது. மேலே சொன்ன கல்லூரி மைதானத்துக்குத் தண்ணீர் இருந்தால், களிமண் தரையை மேல்மட்டத்தைப் போலவே 0.75 சதவீதம் சரித்து உருளை ஓட்டி, 5 மீட்டருக்கு ஒரு குழாய், 250 மி.மீ. கழுவிய மணல், ஓரத்தில் மேல்வடிகால், ஒரு தொட்டி, ஒரு மோட்டார். தரையைச் சரிவாக்காமல் மணலில் மட்டும் மேடு கட்டினால் நடுவில் ஆழம் அதிகமாகி வறண்டும், ஓரத்தில் குறைந்து ஈரமாகவும் இருக்கும், அதனால் இரண்டுக்கும் ஒரே சரிவு முக்கியம். ஜல்லி அடுக்குக்கு ஆகும் பணத்தை மணல் கழுவவும் கூடுதல் குழாய்க்கும் போடுங்கள். நவம்பரிலும் ஆட்டம் நிற்கக்கூடாது, போக்கு மட்டம் தாழ்வாக இருக்கிறது, சரியான சிறு ஜல்லியும் கிடைக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் நான்காவது.

எதைச் செய்தாலும் புல்லை நடும் நாளில் கெடுத்துவிடலாம். கடைகளில் சதுரமாக வெட்டி விற்கும் புல் பத்தைகள் பெரும்பாலும் செம்மண்ணில் வளர்ந்தவை, அடியில் இரண்டு செ.மீ. மண்ணோடு வரும். அதை மணல் மேல் விரித்தால் 250 மி.மீ. மணலுக்கு மேல் ஒரு களி மூடி போட்டதாகிவிடும், நீர் இறங்கும் வேகம் அந்த இரண்டு செ.மீ.-யின் வேகமாகச் சுருங்கும். மண்ணைக் கழுவி எடுத்த பத்தை கிடைக்காவிட்டால் அருகம்புல் தண்டுகளைத் தூவியோ ஊன்றியோ வளர்ப்பதே நல்லது. மூடிக்கொள்ளச் சில வாரம் கூடுதலாகும்.

மைதானம் ஏற்கெனவே போட்டாகி, தண்ணீர் நிற்கிறது என்று வருகிறவர்களும் உண்டு. உடனே தோண்டிக் குழாயைப் பார்க்கத் தேவையில்லை. மழை விட்ட சில மணி நேரத்தில் குழாய் வாயில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். மேலே குளம், குழாயில் ஒன்றுமில்லை என்றால் கோளாறு மேல் சில செ.மீ.-யில். நீண்ட கத்தியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தால் கண்ணுக்கே தெரியும்: பத்தையோடு வந்த செம்மண் பட்டை, அல்லது காய்ந்த புல் தண்டும் வேரும் வருடக்கணக்கில் சேர்ந்த நார்த்தட்டை, அல்லது இடையில் யாரோ தூவிய வேறு மணல். இவற்றுக்குத் துளையிட்டு மண்கட்டிகளை அள்ளி, மைதானம் போட்ட அதே வகை மணலை நிரப்பிவந்தால் சரியாகும். சரியாகிவருகிறதா என்று அளக்க 300, 600 மி.மீ. விட்டமுள்ள இரட்டை வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் இறக்கி, இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். வெளிவளையம் பக்கவாட்டுக் கசிவைத் தடுக்கத்தான். மணிக்கு 25 மி.மீ.-க்குக் கீழே வந்தால் நம் மழைக்குப் போதாது. மேலே குளமும் இருந்து, குழாய் வாயும் நிறைந்து ஓடினால் மண்ணைத் தொடாதீர்கள். வெளிப்போக்கில்தான் அடைப்பு, தெரு வடிகால் மட்டத்தை அளக்கப் போகவேண்டும்.